நுழைவுக் கட்டணம் வருவாயா, முதலா? ஒரு பழைய பொருளாளரின் வாக்குமூலம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு. வந்ததும் வராததுமாகக் கணக்குப்பதிவியல் விடைத்தாளை என் முன்னால் நீட்டினாள். ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றில் இரண்டு மதிப்பெண் போய்விட்டது. "தாத்தா, இருப்புநிலைக் குறிப்பு ரெண்டு பக்கமும் சரியா வந்திருக்கு, பாருங்க. அப்புறம் எப்படி மார்க் போகும்?" என்று கேட்டாள்.

நான் இடைநிலை ஆசிரியன். நடத்தியதெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரைதான் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்குப்பதிவியல் என் பாடம் இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குப் பதினோரு வருடம் பொருளாளராக இருந்தேன். அவள் காட்டிய கணக்கு ஒரு மன்றத்தின் கணக்கு. படிக்கப் படிக்க, நான் அன்று செய்த ஒரு தவறு கண் முன்னால் வந்து நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பாடம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மன்றம், சங்கம், படிப்பகம் போன்றவை லாபத்துக்காக நடப்பவை அல்ல. அவற்றின் பொருளாளர் வருடம் முழுவதும் வந்த பணம், போன பணம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதி வைப்பார். அது பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு. கல்லாப்பெட்டியின் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அந்த வருடத்துக்கு உரிய வரவையும் செலவையும் மட்டும் பிரித்தெடுத்து எழுதுவது வருவாய் மற்றும் செலவினக் கணக்கு. அதன் முடிவில் உபரி அல்லது பற்றாக்குறை வரும். வருடத்துக்கு உரியதல்லாத பெரிய வரவுகள் நேராக இருப்புநிலைக் குறிப்பில் 'முதல் நிதி' என்ற இடத்தில் போய்ச் சேரும்.

தேர்வில் மாணவரைச் சோதிப்பதெல்லாம் இந்தப் பிரித்தெடுப்பில்தான். நாலு இனங்கள் வழக்கமாக வரும்: ஆயுள் உறுப்பினர் கட்டணம், நுழைவுக் கட்டணம், உயில்கொடை, பரிசு நிதி. பிள்ளைகளுக்கு ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: 'ஒரே தடவை வந்தால் முதல், திரும்பத் திரும்ப வந்தால் வருவாய்.' இந்தச் சூத்திரம் அரைகுறையானது என்பதுதான் என் கட்சி.

அவளுடைய வினாவின் எண்களைக் கொஞ்சம் எளிதாக்கித் தருகிறேன். ஒரு மனமகிழ் மன்றம். 2024 மார்ச் 31-இல் முடியும் ஆண்டு. தொடக்கத்தில் ரொக்கம் 20,000, அறைகலன் 80,000, பரிசு நிதிக்காக வங்கியில் 8 விழுக்காடு வட்டியில் போட்ட வைப்பு 50,000. எதிர்ப்பக்கத்தில் பரிசு நிதி 50,000. ஆக, தொடக்க முதல் நிதி 1,00,000.

அந்த வருடம் வந்தவை: உறுப்பினர் சந்தா 160 பேர், ஆளுக்கு 600 வீதம் 96,000. கூடம் வாடகைக்கு விட்டது 20,000. புதிதாகச் சேர்ந்த 30 பேரிடம் நுழைவுக் கட்டணம் 500 வீதம் 15,000. பத்துப் பேரிடம் ஆயுள் உறுப்பினர் கட்டணம் 6,000 வீதம் 60,000. உயில்கொடை 50,000. பரிசு நிதி வைப்பின் வட்டியாகக் கைக்கு வந்தது 3,000. போனவை: சம்பளம் 78,000, வாடகையும் மின்கட்டணமும் 34,000, செய்தித்தாள்கள் 12,000, வழங்கிய பரிசுகள் 3,600. ஆக மன்றம் நடத்திய செலவு 1,24,000, பரிசு தனி. கையில் மிஞ்சிய ரொக்கம் 1,36,400. தேய்மானத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதலில் சண்டைக்குக் காரணமான நுழைவுக் கட்டணம். அதை அவள் முதல் நிதியில் சேர்த்திருந்தாள். அவளிடம் இருந்த கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அப்படிச் செய்தால் சந்தாவும் கூட வாடகையும் சேர்ந்து 1,16,000 வருவாய், செலவு 1,24,000, பற்றாக்குறை 8,000. திருத்திய ஆசிரியரோ அது வருவாய்தான் என்று அடித்துவிட்டார். அப்படிப் பார்த்தால் வருவாய் 1,31,000, உபரி 7,000. அதாவது ஒரே மன்றம், ஒரே வருடம், ஒரே பணம். ஒரு புத்தகப்படி அது நட்டத்தில் தள்ளாடுகிறது, இன்னொரு புத்தகப்படி நன்றாக நடக்கிறது.

யார் சொல்வது சரி? இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஒரு உறுப்பினர் சேரும்போது ஒரே ஒரு முறை தருவதுதான் நுழைவுக் கட்டணம். அதனால் முதல் என்கிறார்கள் ஒரு சாரார். உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, பெரிய தொகை வாங்கி, எப்போதாவது ஒருவரைச் சேர்க்கிற நகரத்து மன்றங்களுக்கு அது பொருந்தும். ஆனால் மன்றத்தின் பக்கமிருந்து பார்த்தால், வருடாவருடம் முப்பது பேர் புதிதாகச் சேர்கிறார்கள், வருடாவருடம் பதினைந்தாயிரம் வருகிறது. தருகிறவருக்கு ஒரு தடவை, வாங்குகிறவருக்கு ஒவ்வொரு வருடமும். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது வாங்கும் சேர்க்கைக் கட்டணம் மாதிரி. தொகையும் சிறியது. அதனால் வருவாய் என்கிறார்கள் மற்றவர்கள்.

'ஒரு தடவையா, பல தடவையா' என்ற சூத்திரம் இங்கேதான் கால் இடறுகிறது. யாருடைய கையிலிருந்து எண்ணுவது என்று சூத்திரம் சொல்லவில்லை.

நடைமுறையில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஒவ்வொரு சங்கத்துக்கும் துணைவிதிகள் இருக்கும். பதிவு செய்யும்போதே அவற்றைக் கொடுத்தாக வேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து நடத்தியவர்களுக்கு அந்தக் காகிதக் கட்டு நன்றாகத் தெரியும். நுழைவுக் கட்டணத்தை என்ன செய்வது என்று துணைவிதியில் இருக்கும். இல்லாவிட்டால் பொதுக்குழு தீர்மானம் போடும். பொருளாளர் அதைப் பார்த்து எழுதுவார். வினாத்தாளில் மட்டும் துணைவிதி கிடையாது. மன்றம் எப்படிப்பட்டது, தொகை பெரிதா சிறிதா, எத்தனை பேர் சேர்ந்தார்கள் எதுவும் தராமல், 'நுழைவுக் கட்டணம் ரூ.15,000' என்று ஒற்றை வரி போட்டுவிட்டு, பிள்ளை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும் என்றால் எப்படி?

சரி, அவளுடைய இன்னொரு கேள்விக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் சமமாக வந்ததே, பிறகு எப்படித் தவறு? இது மிக நல்ல கேள்வி. அவள் வழியில் முதல் நிதி: 1,00,000, ஆயுள் கட்டணம் 60,000, உயில்கொடை 50,000, நுழைவுக் கட்டணம் 15,000, பற்றாக்குறை கழித்தல் 8,000. மொத்தம் 2,17,000. ஆசிரியர் வழியில்: 1,00,000, 60,000, 50,000, உபரி 7,000. அதுவும் 2,17,000. உபரியும் கடைசியில் முதல் நிதியில்தானே போய்ச் சேருகிறது? எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் ஒரே திண்ணையில் வந்து உட்காருகிறது.

இன்னும் மோசமானதைச் செய்து பாருங்கள். வந்த பணம் அத்தனையையும், ஆயுள் கட்டணம், உயில்கொடை, பரிசு நிதி வட்டி உட்பட, வருவாயில் போட்டு, பரிசுகளையும் செலவில் போடுங்கள். உபரி 1,16,400 வரும். முதல் நிதி 2,16,400, பரிசு நிதி அப்படியே 50,000, மொத்தம் 2,66,400. சொத்துப் பக்கம்: ரொக்கம் 1,36,400, வைப்பு 50,000, அறைகலன் 80,000. அதுவும் 2,66,400. அச்சுப் பிசகாமல் சமம்! கணக்கு முழுக்கத் தவறு, ஆனால் தராசு ஆடவே இல்லை. ஆகவே பிள்ளைகளே, இந்தப் பாடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது என்று பேனாவை மூடி வைக்காதீர்கள். கூட்டல் கழித்தல் சரி என்பதற்குத்தான் அது சாட்சி. பணத்தை உரிய இடத்தில் வைத்தீர்களா என்று அது சொல்லாது.

உபரி 1,16,400 என்று எழுதினால் என்ன கெட்டுப்போகும்? பிள்ளைக்கு மதிப்பெண் போகும். உண்மையான சங்கத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தவறைச் செய்தவன் நான்.

எங்கள் படிப்பகத்தில் அப்போது 90 உறுப்பினர்கள். வருடச் சந்தா 60 ரூபாய். வருடத்துக்கு 5,400 வரும். அதில் இரண்டு நாளிதழ், நாலைந்து வார இதழ், பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்கு மாதம் கொஞ்சம், இப்படி இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் யாரோ யோசனை சொன்னார்கள்: 500 ரூபாய் கட்டினால் ஆயுள் உறுப்பினர். நாற்பது பேர் கட்டினார்கள். ஒரே வருடத்தில் 20,000 ரூபாய்! நான் அதை அப்படியே வருவாயில் எழுதினேன். ஆண்டுக் கூட்டத்தில் உபரியை வாசித்தபோது கைதட்டினார்கள். உபரி இருக்கிறதே என்று வண்ணத் தொலைக்காட்சி வாங்கினோம், ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டோம், மிச்சத்தில் சுவருக்கு வெள்ளையடித்தோம்.

அடுத்த வருடம் சந்தா வசூலிக்கப் போனபோதுதான் உறைத்தது. அந்த நாற்பது பேரும் இனி 60 ரூபாய் தர வேண்டியதில்லை. பாக்கி ஐம்பது பேரிடம் 3,000 ரூபாய். வாசிக்க வருகிறவர்கள் அதே தொண்ணூறு பேர், வாங்கும் இதழ்களும் அதே. வருடத்துக்கு 2,400 ரூபாய் குறைந்துவிட்டது, அதுவும் அந்த நாற்பது பேர் இருக்கும் வரைக்கும். அந்த 20,000 ரூபாயை வங்கியில் போட்டு வைத்திருந்தால் வட்டியே அந்தக் குறையை ஏறத்தாழ அடைத்திருக்கும். அப்போதெல்லாம் வட்டி இன்றைக்கு மாதிரி இல்லை, நல்ல வட்டி. மூன்றாம் வருடம் வார இதழ்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். அந்த அம்மாவுக்குச் சம்பளம் பாக்கி நின்றது. அதைக் கடைசியில் என் கையிலிருந்து கொடுத்தேன். தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுள் கட்டணம் ஏன் முதல் என்பதற்குக் காரணம் அது 'ஒரே தடவை' வருகிறது என்பதல்ல. அந்தப் பணத்தை வாங்கும்போதே சங்கம் ஒரு வாக்குக் கொடுக்கிறது: இந்த மனிதர் உயிரோடு இருக்கும் வரை சேவை செய்வேன், இன்னொரு பைசா கேட்க மாட்டேன் என்று. அது பல வருடச் சந்தாவை மொத்தமாக முன்கூட்டியே வாங்கியது. இந்த வருட வருவாயாக எழுதினால், வரப்போகிற வருடங்களின் பணத்தை இன்றே தின்றுவிடுகிறோம். நுழைவுக் கட்டணத்தில் இப்படி ஒரு வாக்கு இல்லை. உள்ளே விட்டதோடு அதன் வேலை முடிந்தது, அவர் அடுத்த வருடமும் சந்தா கட்டியே ஆக வேண்டும். இரண்டுமே 'ஒரு தடவை' வருகிற பணம்தான். ஆனால் குணம் வேறு.

பாடநூல்கள் பொதுவாக ஆயுள் கட்டணத்தை நேராக முதல் நிதியில் சேர்க்கச் சொல்கின்றன. வினாவில் வேறு குறிப்பு இல்லாவிட்டால் அதையே செய்யுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு முறை. ஆயுள் உறுப்பினர் நிதி என்று தனியாக ஒன்று வைத்து, அதிலிருந்து வருடா வருடம் ஒரு பங்கை வருவாய்க்கு மாற்றுவது. நம் மனமகிழ் மன்றத்தில் ஆயுள் கட்டணம் 6,000, வருடச் சந்தா 600. பத்து வருடச் சந்தாவுக்குச் சமம். பத்துப் பேருக்கு வருடத்துக்கு 6,000 வீதம் மாற்றினால், முதல் வருட முடிவில் நிதியில் 54,000 நிற்கும், உபரி 7,000 என்பது 13,000 ஆகும். சில வினாக்களில் 'பத்து ஆண்டுகளுக்குப் பகிர்க' என்று குறிப்பே தந்துவிடுவார்கள். அப்படி ஒரு வரி இருந்தால் பிள்ளைக்கும் குழப்பமில்லை, சங்கம் எப்படி நடக்கிறது என்றும் புரியும். முழுத் தொகையையும் முதல் நிதியில் போட்டு மூடிவிட்டால், ஆயுள் உறுப்பினர்களுக்குச் செய்யும் செலவு வருடா வருடம் கணக்கில் ஏறும், அவர்கள் தந்த பணம் ஒரு வருடமும் எதிரே வராது. பற்றாக்குறையாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

உயில்கொடையில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதில்லை. ஒருவர் இறந்த பிறகு அவருடைய உயில்படி வருகிற தொகை. எதிர்பார்த்து நடத்த முடியாத வரவு, ஆகவே முதல் நிதியில் சேர்க்கிறோம். சிறிய தொகையாக இருந்தால் வருவாயாகக் கொள்ளலாம் என்றும் புத்தகங்களில் ஒரு வரி இருக்கும். எவ்வளவு சிறியது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. வருடத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் வருவாய் உள்ள மன்றத்துக்கு 50,000 சிறியது ஆகாது, அது தெளிவு. நான் கவனிக்கச் சொல்வது உயிலின் வாசகத்தை. 'மன்றத்துக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால் முதல் நிதி. 'குழந்தைகளுக்கு நூல் வாங்க' என்று எழுதியிருந்தால் அது தனி நிதி, முதல் நிதியில் கலக்கக் கூடாது. வினாவில் உயில்கொடைக்குப் பக்கத்தில் இப்படி இரண்டு சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். செத்தவர் வந்து கேட்க மாட்டார். அதனால்தான் இன்னும் கவனம் வேண்டும்.

பரிசு நிதிதான் மதிப்பெண் அதிகம் உதிர்கிற இடம். ஏனென்றால் அதன் துண்டுகள் வினாவில் சிதறிக் கிடக்கும். நிதி ஓரிடத்தில், வைப்பு ஓரிடத்தில், வட்டி வரவுப் பக்கத்தில், பரிசுகள் செலவுப் பக்கத்தில். சும்மா பார்த்தால் வட்டி வருவாய் மாதிரியும் பரிசு செலவு மாதிரியும் தெரியும். ஆனால் 'பரிசு நிதி' என்று ஒன்று இருந்துவிட்டால், அந்த வட்டியும் பரிசும் வருவாய் செலவினக் கணக்குப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டும் நிதிக்குள்ளேயே கூட்டிக் கழிக்கப்பட வேண்டும்.

நம் கணக்கில் வைப்பு 50,000, வட்டி 8 விழுக்காடு. வருட வட்டி 4,000. கைக்கு வந்தது 3,000. மிச்சம் 1,000 வர வேண்டியது. என் பேத்தி கைக்கு வந்த 3,000-ஐ மட்டும் சேர்த்திருந்தாள், போன இரண்டு மதிப்பெண்ணில் ஒன்று உண்மையில் இதற்குத்தான். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. வட்டி விழுக்காடு வினாவில் கொடுத்திருந்தால், முழு வருட வட்டியைப் போட்டுப் பாருங்கள் என்று வினா கண்ணடிக்கிறது என்று அர்த்தம். ஆக நிதி: தொடக்கம் 50,000, கூட்டல் வட்டி 4,000, கழித்தல் பரிசுகள் 3,600, முடிவில் 50,400. சொத்துப் பக்கத்தில் வைப்பு 50,000, அதற்குக் கீழே வர வேண்டிய வட்டி 1,000. இப்போது இருப்புநிலைக் குறிப்பின் மொத்தம்: முதல் நிதி 2,17,000, பரிசு நிதி 50,400, ஆக 2,67,400. எதிரே ரொக்கம் 1,36,400, வைப்பு 50,000, வர வேண்டிய வட்டி 1,000, அறைகலன் 80,000. அதே 2,67,400.

பரிசுகள் நிதியையே தின்று தீர்த்துவிட்டால், நிதிக்கு மேல் போன தொகையை மட்டும் வருவாய் செலவினக் கணக்கில் செலவாக எழுத வேண்டும். நிதியே இல்லாமல் வினாவில் 'வழங்கிய பரிசுகள்' மட்டும் இருந்தால் அது சாதாரணச் செலவு. அவ்வளவுதான் இதில்.

இந்த ஒரு விஷயத்தில் நான் ஒழுங்காக இருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் படிப்பகத்துக்கு ஒருவர் மறைந்த மனைவியின் நினைவாக 5,000 ரூபாய் தந்திருந்தார், பத்தாம் வகுப்பில் ஊரில் முதல் வரும் பெண் பிள்ளைக்குப் பரிசு கொடுக்க. முதலைத் தொடக் கூடாது, வட்டியில் மட்டும் என்பது அவர் நிபந்தனை. தனி வங்கிப் புத்தகம் போட்டு வைத்தேன். வார இதழ்களை நிறுத்திய அந்த மோசமான வருடத்தில் செயற்குழுவில் ஒருவர், "சார், அந்த அஞ்சாயிரத்தை இப்போதைக்கு எடுத்துச் சமாளிப்போம், அப்புறம் வெச்சிடலாம்" என்றார். நான் மறுத்துவிட்டேன். சில வருடம் கழித்து அவருடைய மகன் வெளியூரிலிருந்து வந்து, "அம்மா பேர்ல இன்னும் பரிசு குடுக்கறீங்களா?" என்று கேட்டபோது அந்த வங்கிப் புத்தகத்தை எடுத்துக் காட்ட முடிந்தது. ஆயுள் உறுப்பினர்களில் ஒருவர் வந்து "என் ஐந்நூறு எங்கே?" என்று கேட்டிருந்தால் தொலைக்காட்சியைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

என் மாணவர்களில் நாலைந்து பேர் இன்று வணிகவியல் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். தேர்வுக்கு வினா எடுக்கிறவர்களும் உங்களில் உண்டு. உங்களிடம் ஒரு வேண்டுகோள். நுழைவுக் கட்டணம் என்று வினாவில் எழுதும்போது பக்கத்தில் அரை வரி சேருங்கள்: 'மன்ற விதிப்படி இது முதலாகக் கொள்ளப்படும்' என்றோ, 'பாதி முதலாக்கப்படும்' என்றோ. ஆயுள் கட்டணத்துக்கும் அப்படியே. உண்மைப் பொருளாளர் கையில் துணைவிதி இருக்கிறது, தேர்வு எழுதும் பிள்ளை கையில் அதில் அரை வரியாவது இருக்கட்டும். அரை வரி சேர்க்க மறந்திருந்தால், திருத்தும்போது இரண்டு வழியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். "அப்படி விட்டால் பிள்ளைகள் கண்டபடி எழுதுவார்கள்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கண்டபடி எழுதுவது வேறு, காரணத்தோடு எழுதுவது வேறு. முதலில் சேர்த்த பிள்ளை உபரி பற்றாக்குறையையும் அதற்கேற்ப மாற்றியிருந்தால் அது கணக்குப் புரிந்த பிள்ளை.

பிள்ளைகளுக்கு: வினாவில் குறிப்பு இல்லையென்றால் உங்கள் வகுப்பில் பின்பற்றும் முறைப்படி செய்யுங்கள், செய்துவிட்டு விடைக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதுங்கள். நீங்கள் சும்மா ஊகித்து எழுதவில்லை, தெரிந்து தேர்ந்தெடுத்தீர்கள் என்று திருத்துகிறவருக்குத் தெரியட்டும்.

பேத்தி அன்றைக்கே அந்தக் கணக்கை என் எதிரில் உட்கார்ந்து மறுபடி போட்டாள். கடைசியில் இப்படி எழுதினாள்: 'குறிப்பு: மன்றத்தின் விதி தரப்படாததாலும், தொகை சிறியதாக இருப்பதாலும், ஆண்டுதோறும் புதிய உறுப்பினர்கள் சேர்வர் எனக் கொண்டும் நுழைவுக் கட்டணம் வருவாயினமாகக் கொள்ளப்பட்டது.' அதைத் தன் ஆசிரியரிடம் காட்டியிருக்கிறாள். மதிப்பெண் மாறவில்லை. ஆனால் அடுத்த நாள் வகுப்பில் அவர் அந்தக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு எல்லாரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாராம்.